தானாக ஓடுது, தொங்குது, தட்டுது: படுக்கையறை பார்ன் டோர் ட்ராக்கில் பழுது பார்ப்பது எப்படி

பாளையங்கோட்டையில் கதவு மாட்டுவது என் தொழில். படுக்கையறைக்குக் கீல் கதவு வேண்டாம், சுவருக்கு வெளியே இரும்புப் பட்டையில் தொங்கி ஓடுகிற பார்ன் டோர் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். மாட்டிக் கொடுப்பதற்கு வருகிற அழைப்பை விட, வேறு யாரோ மாட்டிப் போனதைச் சரி பண்ணச் சொல்லி வருகிற அழைப்புதான் எனக்கு அதிகம். போனில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ரோலர் போயிருச்சு அண்ணாச்சி, புது ரோலர் வாங்கிட்டு வாங்க." போய்ப் பார்த்தால் ரோலர் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு சுவரில் இருக்கும், அல்லது தரையில் இருக்கும்.

பாகங்களின் பெயரை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். சுவரில் படுக்கைவாட்டில் இருக்கும் இரும்புப் பட்டை ட்ராக். அதற்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் குழாய்த் துண்டு ஸ்பேசர். கதவின் தலையில் போல்ட் போட்டு, மேலே சக்கரத்தோடு இருப்பது தொங்கு பட்டை. ட்ராக்கின் இரண்டு முனையிலும் ஸ்டாப்பர். கதவின் அடி ஆடாமல் தரையில் பிடித்துக்கொள்வது கைடு.

கையில் ஒரு ரசமட்டம், டேப், ஸ்பேனர், பென்சில் இருந்தால் இங்கே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை நீங்களே செய்யலாம். கதவைக் கழற்றுவதாக இருந்தால் மட்டும் இரண்டு பேர் வேண்டும். தனி ஆளாக ஒருநாளும் தூக்கவேண்டாம்.

## அறிகுறி 1: கதவு தானாக நகர்கிறது

முதலில் ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பாருங்கள். கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று, தென்காசிப் பக்கம் ஜன்னல் திறந்த அறையில் 40 கிலோ கதவையும் மெல்ல நகர்த்தும். காற்று இல்லாதபோது கதவு அசையாமல் நின்றால் ட்ராக்கில் குறை இல்லை.

காற்றே இல்லாமலும் ஓடினால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். கதவை ட்ராக்கின் நடுவில் நிறுத்திக் கையை எடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். எப்போதும் ஒரே பக்கம் போனால் ட்ராக் அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது. ஆறரை அடி ட்ராக்கில் 3, 4 மி.மீ இறக்கம் இருந்தாலே நல்ல பேரிங் உள்ள சக்கரம் உருள ஆரம்பித்துவிடலாம். கண்ணால் பார்த்தால் தெரியாது. கதவை ஒரு ஓரம் தள்ளிவிட்டு, ட்ராக்கின் மேல் விளிம்பில் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். சின்ன ரசமட்டம்தான் இருக்கிறது என்றால் நேரான ஒரு அலுமினியச் சட்டத்தை விளிம்பில் வைத்து, அதன் மேல் வையுங்கள்.

இறக்கம் உறுதியானால் அடுத்த கேள்வி ஒன்றுதான். மாட்டிய நாளில் இருந்தே இப்படியா, அல்லது இப்போதுதான் ஆரம்பித்ததா?

மாட்டிய நாளில் இருந்தே என்றால் மாட்டியவர் தரையில் இருந்து டேப் பிடித்து இரண்டு முனைக்கும் அளந்திருப்பார். தரை மட்டமாக இருந்தால்தானே அந்த அளவு சரியாக வரும்? கழுவும் தண்ணீர் ஓடவேண்டும் என்று வாட்டம் விட்டுப் போட்ட தரையில் அளந்தால் ட்ராக்கும் வாட்டமாகத்தான் வரும். இதற்கு ஒரு முனையின் ஓட்டைகளைப் புதிதாகப் போடவேண்டும். பழைய ஓட்டைக்கு 5 மி.மீ தள்ளி இன்னொன்று போட முடியாது, இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் ட்ராக் மொத்தத்தையும் ஓர் அங்குலம் பக்கவாட்டில் நகர்த்திப் போடுவதோ, சுவரில் முதலில் ஒரு பலகை அடித்து அதன் மேல் ட்ராக்கைப் போடுவதோதான் வழி.

இப்போதுதான் ஆரம்பித்தது என்றால், அதிலும் கதவு திறந்து நிற்கும் பக்கமாக ஓடுகிறது என்றால், கதவுக்கு அடியில் யாரையும் படுக்கவோ விளையாடவோ விடாதீர்கள். நேராக அறிகுறி 2-க்குப் போங்கள்.

## அறிகுறி 2: கதவு ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது, தரையில் உரசுகிறது

இதற்கு இரண்டே இடத்தில்தான் காரணம் இருக்கும். ஒன்று கதவில், இன்னொன்று சுவரில். எது என்று ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

கதவை முழுக்க மூடுங்கள். கதவின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் முழுக்கத் திறந்து மறுபடியும் இரண்டு ஓரத்தையும் அளங்கள். தரை வாட்டம் குழப்பாமல் இருக்க, கதவின் மேல் விளிம்பில் ரசமட்டத்தை வைத்து இரண்டு நிலையிலும் குமிழ் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். குமிழ் இரண்டு நிலையிலும் ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்திருந்தால் கோணல் கதவோடு சேர்ந்து பயணம் செய்கிறது. ட்ராக் மட்டமாக இருந்தும் அப்படி என்றால் குறை தொங்கு பட்டையில். மூடியிருக்கும்போது குமிழ் நடுவில் நின்று, திறந்ததும் சாய்ந்தால் கோணல் சுவரோடு இருக்கிறது. அது ட்ராக்.

### 2அ. கோணல் கதவோடு போகிறது

தொங்கு பட்டையைக் கதவில் பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் ஸ்பேனரால் இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும். நட்டு இறுக இறுக மரத்துக்குள் புதைந்துகொண்டே போனால், உள்ளே மரம் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஃப்ளஷ் கதவில் இது சகஜம். ஓரச் சட்டத்துக்கு உள்ளே தள்ளி ஓட்டை போட்டிருப்பார்கள், அங்கே கெட்டி மரம் இருக்காது. கதவின் பின்பக்கம் போல்ட்டுக்கு ஒரு பெரிய இரும்புத் தகட்டை வாஷராகக் கொடுத்தால் கொஞ்ச காலம் ஓடும். ஆசாரியைக் கூப்பிட்டு, அந்த இடத்தை வெட்டி எடுத்துக் கெட்டி மரம் வைத்து ஒட்டச் சொல்வது நிலையான வழி.

### 2ஆ. கோணல் சுவரோடு இருக்கிறது

இதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற பழுது. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்ததை அளவோடு சொல்கிறேன், உங்கள் வீட்டுக் கதவோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாத்தா வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த தேக்குக் கதவைப் படுக்கையறைக்கு பார்ன் டோராகப் போட்டிருந்தார்கள். போட்டு ஏழெட்டு மாதம். அந்த வீட்டு ஆச்சி என்னைக் கண்டதும், "ராத்திரி ஒண்ணு ஒண்ணரைக்குக் கதவு தானா தொறக்குல்லா. நான் பேய் கீய்னு நெனச்சு துன்னூறு பூசி வச்சேன்" என்றார்கள். கதவில் நிஜமாகவே மூன்று கோடு விபூதி இருந்தது.

வாசல் அகலம் 36 அங்குலம். கதவு 40 அங்குலம், அதாவது இரண்டு பக்கமும் 2 அங்குலம் சுவரை மூடும். ட்ராக் 78 அங்குலம், அதில் ஐந்து போல்ட். குமிழ் சோதனையில் மூடியிருக்கும்போது சரியாக இருந்தது, திறந்தால் சாய்ந்தது. ட்ராக்கின் கடைசி முனை 9 மி.மீ இறங்கியிருந்தது. கடைசி ஸ்பேசருக்குக் கீழே பூச்சில் பிறை நிலா மாதிரி ஒரு வெடிப்பு. அதே ஸ்பேசருக்கு மேலே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினால் சுவருக்கும் ஸ்பேசருக்கும் நடுவில் தாராளமாகப் போனது. மேலே விலகி, கீழே நசுங்கினால் போல்ட் பிடுங்கிக்கொண்டு வருகிறது என்று பொருள்.

வீட்டுக்காரர் கதவின் எடைதான் காரணம் என்றார். சரி, எடை போட்டுவிடலாம் என்று கதவைக் கழற்றினோம். இதற்கு மில் தராசு வேண்டாம், வீட்டில் ஆள் நிற்கும் எடை மெஷின் போதும். கதவை நிமிர்த்தி, ஒரு மூலையை மெஷின் மேலும் மறு மூலையை அதே உயரமுள்ள செங்கல் துண்டின் மேலும் வைத்து, விழாமல் மட்டும் பிடித்துக்கொண்டால் மெஷின் காட்டுவது பாதி எடை. அது 33 காட்டியது. ஆக 66 கிலோ. தேக்கு 54 கிலோ வரும். மிச்சம் 12 கிலோ எங்கிருந்து வந்தது? உள்பக்கம் மகள் ஒட்டியிருந்த ஆள் உயரக் கண்ணாடி. கண்ணாடிக்குக் கணக்கு சுலபம்: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ கனத்துக்கு இரண்டரை கிலோ. 5 மி.மீ கண்ணாடி 5 அடிக்கு 2 அடி என்றால் 12 கிலோவை நெருங்கிவிடும். கதவுக்கு எடை பார்த்து ட்ராக் வாங்குகிறவர்கள் கண்ணாடியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனாலும் அந்த ட்ராக் செட்டின் பெட்டியில் 100 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. 66 அதற்கு ஒன்றும் பெரிதில்லை. பெட்டியில் போட்டிருக்கும் எடை பட்டைக்கும் சக்கரத்துக்கும்தான். சுவர் எவ்வளவு தாங்கும் என்று அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்?

இப்போது சுவரைப் பாருங்கள். வாசலுக்கு மேலே கான்கிரீட் லிண்டல் இருக்கிறது, அதில் போல்ட் போட்டால் போதும் என்று எல்லாரும் நினைக்கிறோம். வீடு முழுக்கச் சுற்றி வரும் லிண்டல் என்றால் அது சரி. ஆனால் பல வீடுகளில் வாசலுக்கு மட்டும் லிண்டல் போட்டு, இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் சுவரில் உட்கார வைத்து நிறுத்தியிருப்பார்கள். ட்ராக்கோ வாசலைப் போல இரண்டு மடங்கு நீளம். இந்த வீட்டில் வாசலின் ஓரத்தில் இருந்து அளந்தால் ஐந்து போல்ட்டும் 1, 19, 37, 55, 73 அங்குலத்தில் இருந்தன. லிண்டல் 42 அங்குலத்தோடு முடிகிறது. முதல் மூன்று போல்ட் கான்கிரீட்டில், கடைசி இரண்டும் வெறும் செங்கல்லில். பகல் முழுக்கக் கதவு எங்கே நிற்கிறது? திறந்து, அந்தச் செங்கல் பக்கம்தான். அப்போது ஒரு சக்கரம் கடைசி போல்ட்டின் பக்கத்திலேயே பாரத்தைப் போட்டுக்கொண்டு நிற்கும்.

அந்த இரண்டு போல்ட்டும் எவ்வளவு உள்ளே போயிருந்தன என்று கழற்றிப் பார்த்தேன். செட்டோடு வந்த 80 மி.மீ போல்ட். ட்ராக் பட்டை 6 மி.மீ, ஸ்பேசர் 30, பூச்சு 20. மிச்சம் 24 மி.மீதான் செங்கல்லில். நைலான் பிளக்கின் பாதி பூச்சுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. பூச்சு எந்தப் பாரத்தையும் பிடிக்காது.

உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டுமானால் கதவை இறக்கி, சந்தேகமான போல்ட் ஒன்றைக் கழற்றி, அதே ஓட்டையில் மெல்லிய டிரில் பிட்டை விட்டுக் கொஞ்சம் துளைத்துப் பாருங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில், டிரில் முக்கி முனகிப் போனால் கான்கிரீட். வெண்மையாக, மாவு மாதிரி, வெண்ணெயில் போவது போல் போனால் எடை குறைந்த பிளாக். திடீரென்று பிட் உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். ஒன்று கவனம்: கதவை ஒட்டி ஸ்விட்ச் போர்டு இருந்தால், அதற்கு நேர் மேலே செங்குத்தாக வயர் குழாய் போகும். அந்தக் கோட்டில் துளைக்கவே வேண்டாம். துளைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சரி பண்ணும் வழிகளை மலிவானதில் இருந்து சொல்கிறேன்.

கெட்டிச் செங்கல், வெடிப்பு எதுவும் இல்லை, போல்ட் குட்டை என்பது மட்டும்தான் குறை என்றால் நீளமான போல்ட்டும் நீளமான பிளக்கும் போதும். பூச்சைக் கழித்துச் செங்கல்லுக்குள் குறைந்தது 60, 70 மி.மீ போகவேண்டும். விரிந்து பிடிக்கும் இரும்பு ஆங்கரைச் செங்கல்லில் போடாதீர்கள், இறுக்கும்போதே செங்கல்லைப் பிளந்துவிடும். அது கான்கிரீட்டுக்கு உரியது.

ஓட்டை ஏற்கெனவே பெரிதாகிவிட்டது என்றால் இரண்டு வழி. சுவர் நாலரை அங்குலச் சுவராக இருந்தால் நான் பெரும்பாலும் ஊடுருவத் துளைத்துவிடுவேன். சேரன்மகாதேவியிலும் அதைத்தான் செய்தேன். 10 மி.மீ மரை ராடு ஒன்பது அங்குலம் வெட்டி, படுக்கையறைப் பக்கம் பூச்சை மட்டும் சதுரமாகக் கொத்தி, 3 அங்குல இரும்புத் தகடு வைத்து நட்டை இறுக்கினேன். கொத்தனார் மேலே பூசி மறைத்துவிட்டார். முன்பக்கம் ஸ்பேசர் பூச்சை நசுக்காமல் இருக்க அதற்கு அடியிலும் ஒரு அகல வாஷர். எடை குறைந்த பிளாக் சுவருக்கும் இதைத்தான் சொல்வேன்.

சுவர் ஒன்பது அங்குலமாக இருந்தாலோ, மறுபக்கம் டைல்ஸ் ஒட்டிய குளியலறையாக இருந்தாலோ ஊடுருவ முடியாது. அங்கே ட்ராக் நீளத்துக்கு 6 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனத்தில் பலகை. செட்டின் ஓட்டை எங்கே வருகிறதோ அங்கே அல்லாமல், சுவர் எங்கே கெட்டியாக இருக்கிறதோ அங்கே பலகையைப் பிடிக்கலாம் என்பதுதான் இதன் லாபம். லிண்டலில் துளைக்கும்போது கம்பியில் மாட்டிக்கொண்டாலும் இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: பலகைக் கனம் அளவுக்குக் கதவு சுவரை விட்டு வெளியே வரும், தரைக் கைடையும் அதே அளவு நகர்த்தவேண்டும். அதை நகர்த்தாமல் விட்டுவிட்டு, கதவின் அடி உள்வாங்கி நிற்கிறது என்று மறு வாரம் கூப்பிட்டவர்கள் உண்டு.

வாசலின் மூலையில் இருந்து சாய்வாக மேலே போகிற வெடிப்போ, லிண்டலிலேயே வெடிப்போ தெரிந்தால் கதவை இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அது கதவுக்காரன் வேலை இல்லை, கட்டட இன்ஜினியர் பார்க்கவேண்டியது.

## அறிகுறி 3: கதவின் அடி ஆடுகிறது, காற்றில் சுவரைத் தட்டுகிறது

பணகுடி, வள்ளியூர்ப் பக்கத்தில் இருந்து ஜூன் பிறந்ததும் வருகிற அழைப்பு இது. காற்றாலைகளைச் சுற்றவிடுகிற அதே ஆரல்வாய்மொழிக் காற்றுதான் படுக்கையறைக் கதவையும் சுற்றப் பார்க்கிறது.

கதவை முழுக்க மூடிவிட்டு, குனிந்து கைடைப் பாருங்கள். கதவு இன்னும் கைடுக்குள் இருக்கிறதா? இது முதல் சோதனை. கைடு இருக்கவேண்டிய இடம், கதவு திறந்து போகும் பக்கத்தில், வாசலின் ஓரத்தை ஒட்டி. அங்கே இருந்தால் கதவு மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் அதன் ஒரு பகுதி கைடுக்குள்ளேயே இருக்கும். கால் தட்டுமே என்று கைடை வாசலில் இருந்து மூன்று அங்குலம் தள்ளிப் போட்டுவிடுகிறார்கள். கதவோ வாசலைத் தாண்டி 2 அங்குலம்தான் மூடுகிறது. மூடியதும் கதவு கைடை விட்டு வெளியே வந்துவிடும், காற்று அடியைத் தூக்கி ஆட்டும். மறுபடி திறக்கும்போது கதவின் ஓரம் கைடின் மேல் போய் மோதும். கதவின் அடி ஓரத்தில் ஒரே இடத்தில் பெயிண்ட் பெயர்ந்து மரம் தெரிந்தால் இதுதான் காரணம். ஸ்டாப்பரை ஓர் அங்குலம் முன்னே கொண்டுவந்து, கதவு அவ்வளவு தூரம் போகாமல் நிறுத்தினால் சில வீட்டில் சரியாகும். இல்லாவிட்டால் கைடை இடம் மாற்றவேண்டும்.

கதவு கைடுக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் ஆடுகிறது என்றால் கைடைக் கையால் அசைத்துப் பாருங்கள். பசை போட்டு டைல்ஸ் மேல் ஒட்டியிருந்தால் அது என்றைக்கு இருந்தாலும் பெயரும். தினமும் துடைக்கிற ஈரத்துக்கும் கதவின் உதைக்கும் பசை நிற்காது. ஸ்குரூ போடவேண்டும். டைல்ஸ் மேல் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, டைல்ஸ் பிட்டால், டிரில்லின் சுத்தியல் ஓட்டத்தை அணைத்துவிட்டு, தண்ணீர் சொட்டுவிட்டு மெதுவாகத் துளையுங்கள். டைல்ஸ் தாண்டிய பிறகு சுத்தியல் ஓட்டத்தைப் போடலாம். அந்தத் தரைக்கு அடியில் குளியலறைக் குழாய் போகிறதா என்று தெரியாவிட்டால் துளைக்கவேண்டாம். அதற்குப் பதில் சுவரில் பிடிக்கிற, இரண்டு உருளை உள்ள கைடு கிடைக்கிறது. அதை டைல்ஸ் ஸ்கர்ட்டிங்குக்கு மேலே சுவரில் பிடித்தாலே போதும்.

கைடு கெட்டியாக இருந்தும் கதவு தடதடவென்று ஆடினால் கதவின் அடியில் உள்ள பள்ளம் அகலமாகிவிட்டது. கைடின் நாக்கு 4, 5 மி.மீ என்றால் பள்ளம் 7 மி.மீக்கு மேல் போகக்கூடாது. பள்ளத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தகடு ஒட்டினால் இறுகும்.

இதற்கு நேர் எதிரான புகார் ஐப்பசி, கார்த்திகையில் வரும்: பள்ளம் கைடைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. பிளைவுட் கதவிலும் எம்.டி.எஃப் கதவிலும் பள்ளத்துக்கு உள்ளே பெயிண்ட் அடிக்காமல் விட்டிருப்பார்கள். தரை துடைத்த ஈரமும் மழைக்கால ஈரமும் அது வழியாக ஏறி ஓரம் உப்பிவிடும். மழை நாளிலேயே செதுக்கிவிடாதீர்கள். மாசி வெயிலில் காய்ந்த பிறகு லேசாக இழைத்து, பள்ளத்துக்குள் சின்னத் தூரிகையால் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். காய்ந்த பிறகும் எம்.டி.எஃப் உப்பியே இருந்தால் அது இனி பழைய அளவுக்குத் திரும்பாது, கதவை மாற்றவேண்டியதுதான்.

## அறிகுறி 4: சக்கரம் ட்ராக்கை விட்டு எகிறுகிறது

கதவின் மேல் விளிம்பில், தொங்கு பட்டைக்குப் பக்கத்தில், ஐந்து ரூபாய் நாணயம் மாதிரி ஒரு சின்ன நைலான் வில்லை இருக்கவேண்டும். கதவு மேலே எழும்பினால் அது ட்ராக்கின் அடியில் முட்டித் தடுக்கும். இரண்டு வில்லை வரும். பாதி வீடுகளில் அது செட்டோடு வந்த கவரிலேயே கிடக்கிறது, மிச்சம் வந்த சாமான் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இருந்தால் எடுத்து மாட்டுங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான்.

வில்லை இருந்தும் முனையில் போய் எகிறினால் ஸ்டாப்பர் நழுவியிருக்கிறது. அதன் ஸ்குரூவை இறுக்குங்கள். வேகமாகத் தள்ளுகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் ஸ்டாப்பருக்கு ரப்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எகிறிய கதவைத் திரும்ப ஏற்ற முடியவில்லை என்று சொல்கிற வீடும் உண்டு. அங்கே பிரச்சினை தலை இடம். ஏற்றுவதற்குச் சக்கரத்தை ட்ராக்குக்கு மேலே தூக்கவேண்டும், அதற்குச் சக்கரத்தின் உச்சிக்கு மேல் ஓர் அங்குலமாவது காலி இடம் வேண்டும். நம் ஊர்ப் படுக்கையறையில் லிண்டல் மட்டமான 7 அடியிலேயே பரண் போட்டுவிடுகிறோம். பரண் இருக்கும் பக்கம் பார்ன் டோர் போட்டால் சக்கரம் பரணின் அடியில் முட்டும். வாசலின் மேல் விளிம்பில் இருந்து பரண் அடிவரைக்கும் சாதாரண செட்டுக்கு 6 அங்குலமாவது வேண்டும். அது இல்லாத வீட்டில், முதலில் ட்ராக்கைப் போட்டு அப்புறம் கதவை ஏற்றாமல், கதவையும் ட்ராக்கையும் சேர்த்தே தூக்கி மாட்டியிருப்பார்கள். அப்படி மாட்டியதை அப்படித்தான் கழற்றவும் வேண்டும், மூன்று ஆள் வேலை. ஒரு தடவை கழற்றிய பிறகு அதையே திரும்ப மாட்டாமல், கதவின் தலை விளிம்பில் உட்காருகிற குட்டை ரோலர் செட் மாற்றிவிடுங்கள், கதவின் முகத்தில் தொங்கும் பட்டையை விட அது குறைந்த இடத்தில் அடங்கும். அதுவும் கொள்ளாது என்றால் கதவை ஹால் பக்கம் மாற்றுவதுதான். அங்கே பரண் இருக்காது, ஆனால் ஸ்விட்ச் போர்டு இருக்கும். போர்டு சுவரை விட்டு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஸ்பேசர் வாங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.

## அறிகுறி 5: கரகரவென்று சத்தம்

ட்ராக்கின் மேல் விளிம்பை உலர்ந்த துணியால் துடையுங்கள். திசையன்விளை, உவரிப் பக்கம் தேரி மணல் படிந்தால் துணி சிவந்துவிடும், அதுதான் சத்தம். ட்ராக்குக்கு எண்ணெய் போடாதீர்கள், மணல் அதில் ஒட்டிப் பிசினாகிவிடும். துடைத்த பிறகும் சத்தம் வந்தால் கதவை இறக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். திக்கித் திக்கிச் சுற்றினால் பேரிங் போய்விட்டது. கடலோர வீட்டில் உப்புக் காற்றுக்கு இது சீக்கிரம் போகும். இந்த ஒரு தடவை மட்டும், போனில் சொன்னது போலவே, புது ரோலர்தான் வாங்கவேண்டும். இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். பழையதும் புதியதும் கலந்தால் சக்கரத்தின் விட்டம் மாறி, அறிகுறி 2அ-வில் சொன்ன கோணல் வந்துவிடும்.